கழுத்தில் ஈரத்துண்டு, முதுகில் ஒட்டிய சட்டை

கட்டட வேலையில் சூப்பர்வைசராக இருந்து ஆட்களுக்கு எத்தனையோ பொருள் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். கையுறையைக் கொடுத்தால் மறுநாளே பைக்குள் போய்விடும். கண்ணாடி நெற்றிக்கு ஏறிவிடும். அடித்துப் பிடித்து வாங்கிக்கொண்ட ஒரே பொருள் கூலிங் டவல்தான். 40 துண்டுகள் வந்தன. ஒவ்வொன்றும் ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் சுருட்டி இருந்தது. காய்ந்திருக்கும்போது அட்டை மாதிரி விறைப்பாக இருக்கும். தண்ணீரில் முக்கினால் ரப்பர் போல இளகும். பிழிந்து, இரண்டு முனையையும் பிடித்து நாலு உதறு உதறிக் கழுத்தில் போட்டால், அந்த நிமிடமே சில்லென்று இருக்கும். பார்த்துக்கொண்டிருந்த மேஸ்திரி, "சார், இதுக்குள்ள ஐஸ் வெச்சிருக்கானா?" என்று கேட்டார்.

ஐஸ் இல்லை, மருந்து இல்லை, ரசாயனக் குளிர்ச்சி எதுவும் இல்லை. பாலிவினைல் ஆல்கஹால் என்ற பொருளில் செய்த பஞ்சு போன்ற துணி அது. தன் எடையைப்போல் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, சொட்டாமல், மெல்ல மெல்ல ஆவியாக விடும். அவ்வளவுதான் அதன் வித்தை. இன்னொரு வகை மெல்லிய பாலியஸ்டர் வலைத்துணி. அது சீக்கிரம் குளிரும், சீக்கிரம் காயும். சாதாரணப் பருத்தித் துண்டும் இதே வேலையைத்தான் செய்கிறது, கொஞ்சம் கனமாக, கொஞ்சம் சொட்டிக்கொண்டு.

அந்த வருடம் வேலை நடந்தது காற்று காய்ந்து கிடக்கும் இடத்தில். துவைத்த துணி கொடியில் போட்ட அரை மணியில் மொறுமொறுவென்று ஆகிவிடும். துண்டைப் பற்றி ஒரு குறை வரவில்லை. அடுத்த வருடம் கடலை ஒட்டிய ஒரு சைட்டுக்குப் போனோம். அதே ஆட்கள், அதே துண்டுகள். வெயில் முந்தைய வருடத்தைவிடக் குறைவுதான். ஆனால் பத்து நாளில் பாதிப் பேர் துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். "வெந்நீர்ல நனைச்ச மாதிரி இருக்கு சார்" என்றார்கள். பழசாகிவிட்டது போல என்று நினைத்து, வெட்கமாக இருக்கிறது சொல்ல, புதிதாக இன்னொரு பெட்டி வாங்கினேன். புதுசும் வெந்நீர்தான்.

துண்டில் கோளாறு இல்லை என்று புரிய எனக்கு இரண்டு தெர்மாமீட்டர் தேவைப்பட்டது. சுவரில் மாட்டும் சாதாரண கண்ணாடித் தெர்மாமீட்டர்கள். ஒன்றை அப்படியே நிழலில் தொங்கவிட்டேன். இன்னொன்றின் அடிக்குமிழில் ஈரப் பருத்தித் துணியைச் சுற்றி, அட்டையால் நாலைந்து நிமிடம் விசிறினேன். முதலாவது 34 காட்டியது. ஈரத்துணி சுற்றியது 30க்கு வந்து நின்றுவிட்டது. எவ்வளவு விசிறினாலும் அதற்குக் கீழே இறங்கவில்லை.

அந்த 30தான் விஷயம். ஈரக் குமிழ் வெப்பநிலை என்பார்கள். ஒரு ஈரத்துணி காற்றில் ஆறி எவ்வளவு குளிர முடியுமோ, அதன் கடைசி எல்லை அது. 40 டிகிரி வெயில், காற்றில் ஈரப்பதம் 30 சதவீதம் என்றால் அந்த எல்லை ஏறக்குறைய 26. 34 டிகிரிதான், ஆனால் ஈரப்பதம் 75 சதவீதம் என்றால் எல்லை 30. அதாவது முதல் இடத்தில் காற்றுக்கும் துண்டுக்கும் 14 டிகிரி வித்தியாசம் கிடைத்தது. இரண்டாவது இடத்தில் வெறும் 4. உழைக்கும்போது தோலின் சூடு 35 டிகிரியை ஒட்டி இருக்கும். கழுத்தில் கிடக்கும் துண்டு அந்த எல்லையைத் தொடுவதும் இல்லை. ஒரு பக்கம் தோல் சூடேற்றுகிறது, மறுபக்கம் வெயில் சூடேற்றுகிறது. 30 என்பது நடைமுறையில் 32, 33 ஆகிவிடும். உதறினால் மறுபடி கொஞ்சம் இறங்கும். பெட்டியில் 'உதறிப் போடவும்' என்று எழுதியிருப்பதும் அதனால்தான். உதறும்போது புதுக் காற்று படுகிறது. மண்வெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனை தடவை உதற முடியும்?

இப்போதும் புது சைட்டுக்குப் போனால் இந்த இரண்டு தெர்மாமீட்டரைத்தான் முதலில் மாட்டுகிறேன். மதியம் இரண்டுக்கும் 10 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் துண்டு நன்றாக வேலை செய்யும். 5 அல்லது அதற்குக் கீழே போனால், துண்டை நம்ப வேண்டாம் என்று மேஸ்திரியிடம் சொல்லிவிடுவேன். இது என் கைக்கணக்கு. புத்தகத்தில் இருக்கும் கோடு அல்ல.

சரி, நன்றாக வேலை செய்யும் நாளில்தான் ஒரு துண்டு எவ்வளவு உதவுகிறது? இதை ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். போட்டபின் துண்டின்மேல் இருந்த மயக்கம் பாதி போய்விட்டது.

ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பம் வேண்டும். துண்டு 150 கிராம் தண்ணீரைப் பிடித்திருக்கிறது, ஒரு மணி நேரத்தில் முழுக்கக் காய்ந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் அது 3,60,000 ஜூல் வெப்பத்தை எடுத்திருக்கிறது. 3,600 விநாடியால் வகுத்தால் 100 வாட். ஆனால் அந்த 100 வாட்டும் கழுத்திலிருந்து வந்ததா? இல்லை. துண்டின் வெளிப்பக்கம் சுடுகாற்றிலும் வெயிலிலும் இருக்கிறது. அங்கிருந்தும் வெப்பத்தை உறிஞ்சித்தான் தண்ணீர் ஆவியாகிறது. தாராள மனதோடு பாதியை உடம்பின் கணக்கில் எழுதினாலும் 50 வாட்தான்.

இப்போது எதிர்ப்பக்கம். மண் வெட்டுகிறவர், கலவை சுமக்கிறவர் மாதிரி கடினமாக உழைப்பவரின் உடம்பு 400 வாட்டை ஒட்டி வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். வேலையிட வெப்ப அளவீடுகளில் கடின உழைப்புக்கு 415 வாட் என்று எழுதியிருக்கும். இதற்கு மேல் வெயில் சூடு தனி. 415க்கு எதிரே 50.

அப்படியானால் மிச்சத்தை யார் பார்த்துக்கொள்வது? வியர்வைதான். கடின வேலையில் மணிக்கு ஒரு லிட்டர் வியர்ப்பது சாதாரணம். அந்த ஒரு லிட்டரும் தோலின்மேல் ஆவியானால் 650 வாட்டுக்கு மேல் வெப்பத்தை எடுத்துப் போகும். துண்டைப்போல் பத்து மடங்குக்கும் மேல். ஆனால் ஆவியானால்தான். சொட்டிக் கீழே விழுந்த வியர்வை ஒன்றும் செய்வதில்லை. சட்டையில் ஊறி நிற்கும் வியர்வை கொஞ்சம்தான் செய்கிறது. ஆக, மனிதன் கூடவே பிறந்த அந்த 650 வாட் இயந்திரத்தை ஓட விடுவதா, கழுத்தை நெரிப்பதா என்று தீர்மானிப்பது துண்டு அல்ல, சட்டை. அந்த இரண்டாவது பெட்டிக்குக் கொடுத்த பணத்தில் நான் துணி வாங்கியிருக்க வேண்டும்.

இதை நான் கணக்கில் மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. கடலோர சைட்டில் ஒரு பையன், இருபதைத் தாண்டியிருக்காது, வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது நாள். இறுக்கமான கருநீல டி-ஷர்ட், அதன்மேல் கம்பெனி கொடுத்த மஞ்சள் வெஸ்ட், கழுத்தில் நான் கொடுத்த துண்டு. மதியம் பன்னிரண்டரைக்கு மேஸ்திரி அவனைப் பார்த்து, "போதும்டா, நிழலுக்குப் போ" என்றார். "கழுத்து சில்லுன்னுதான் இருக்குண்ணே, ஒண்ணும் ஆகலை" என்றான். பொய் சொல்லவில்லை. அவனுக்கு அப்படித்தான் இருந்தது. அடுத்த கால் மணியில் காலி சட்டியோடு எதிர்த்திசையில் நடந்தான். எங்கே போகிறாய் என்று கேட்டால் சம்பந்தமில்லாமல் ஏதோ சொன்னான், நாக்கு குழறியது. போய்ப் பிடித்தேன். கழுத்து குளுமையாக இருந்தது. மார்பில் கையை வைத்தால் கொதித்தது.

நிழலுக்குத் தூக்கிப் போய், ஹெல்மெட், வெஸ்ட், டி-ஷர்ட், பூட்ஸ் எல்லாவற்றையும் கழற்றி, டிரம்மில் இருந்த தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றிக்கொண்டே இருந்தோம். இரண்டு பேர் பிளைவுட் துண்டால் விசிறினார்கள். வண்டி வரும்வரை நிறுத்தவில்லை. தப்பித்தான். பேச்சு குழறுவது, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வது, நடை தள்ளாடுவது, இதில் ஒன்று தெரிந்தாலும் அது களைப்பு அல்ல, வெப்பத்தாக்கு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். முதலில் குளிர்விப்பது, அப்புறம்தான் மற்றதெல்லாம். வியர்வை நின்றால்தான் வெப்பத்தாக்கு என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. உழைத்துக்கொண்டே விழுகிறவர்களுக்கு வியர்த்துக்கொண்டே இருக்கலாம். அவனுக்கும் வியர்த்துக் கொட்டியது.

கழுத்தைக் குளிர்விப்பதில் இருக்கும் வம்பு இதுதான். கழுத்தும் முகமும் குளிர்ச்சியைச் சட்டென்று உணர்கிற இடங்கள். அங்கே சில்லென்று இருந்தால் உடம்பு முழுக்கவே தேவலை என்று மனம் எடுத்துக்கொள்கிறது. உள்ளே ஏறும் சூடோ இறங்குவதில்லை. சூட்டில் ஓடவிட்டுச் சோதித்த ஆய்வுகளிலும் இதையே கண்டிருக்கிறார்கள். கழுத்தைக் குளிர்வித்தவர்கள் கூடுதல் நேரம் ஓடினார்கள், உள் வெப்பம் இன்னும் மேலே போனபின்தான் நின்றார்கள். ஓட்டப் பந்தயத்தில் அது லாபமாக இருக்கலாம். கான்கிரீட் போடும் இடத்தில் லாபம் இல்லை. புது ஆளுக்கு முதல் நாள் முழு வெயில் வேலையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்கக்கூடாது, நாளுக்கு அதே அளவு கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது தெரிந்த விதிதான். அன்றைக்கு நாங்கள் அதையும் பின்பற்றவில்லை.

அதற்குப் பிறகுதான் டெய்லர் மாஸ்டரிடம் போனேன். ஆட்களில் ஒருவரின் மார்பளவு 92 சென்டிமீட்டர். அவர் போட்டிருந்த டி-ஷர்ட்டின் சுற்றளவு 94, இழுத்தால் இன்னும் கொஞ்சம். எனக்கு 116 வேண்டும் என்றேன். மாஸ்டர் டேப்பைத் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தார்.

"தொளதொளன்னு தொங்கும் சார். எவனும் போட மாட்டான்."

"ஒண்ணு தைங்க மாஸ்டர். பிடிக்கலைன்னா நான் போட்டுக்கறேன்."

தளர்வாக இருந்தால் காற்று வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். எப்படி வருகிறது என்பதைத்தான் நான் யோசித்ததில்லை. இரண்டு வழி. ஒன்று, ஆள் குனிந்து நிமிரும்போதும் கையை வீசும்போதும் சட்டை துருத்தி மாதிரி வேலை செய்கிறது. உள்ளே இருக்கும் ஈரக்காற்றை வெளியே தள்ளி, புதுக் காற்றை இழுக்கிறது. இன்னொன்று புகைபோக்கி. உடம்பருகே இருக்கும் ஈரமான சூட்டுக் காற்று மேலே ஏறிக் கழுத்து வழியாகப் போனால், கீழ் விளிம்பு வழியாக வேறு காற்று நுழையும். இரண்டுக்குமே வாசல்கள் திறந்திருக்க வேண்டும். சட்டையைப் பேண்ட்டுக்குள் விட்டு, மேல் பட்டனைப் போட்டு, கழுத்தில் துண்டையும் சுற்றினால் எவ்வளவு அகலமான சட்டையாக இருந்தாலும் அது கட்டிய மூட்டைதான். துண்டை நான் இறுக்கமாகச் சுற்ற விடாததற்கு இதுவும் காரணம். புகைபோக்கியின் வாயிலேயே ஈர மூடியைப் போடுகிறோம்.

மாஸ்டரும் நானும் மூன்று தடவை மாற்றித் தைத்தோம். முதல் சட்டை அகலமாக இருந்தது, ஆனால் கையைத் தூக்கினால் சட்டையே மேலே போய் முதுகில் இறுகியது. குற்றம் அக்குளில். கை பொருத்தும் இடத்தை ஆழமாக வெட்டினால் லூஸாக இருக்கும் என்று நினைத்தோம். நேர் எதிர். ஆழமாக வெட்ட வெட்ட, கையைத் தூக்கினால் சட்டை கூடவே தூக்கிக்கொள்ளும். மாஸ்டர் அதை மேலே ஏற்றி வெட்டி, அக்குளில் ஒரு சதுரத் துண்டு வைத்துத் தைத்தார். அந்தத் துண்டு வலைத்துணி. தலைக்கு மேல் கையைத் தூக்கிக் கம்பி கட்டினாலும் அதன் பிறகு சட்டையின் அடி விளிம்பு நகரவில்லை. துணிக்கடைக் கண்ணாடி முன் நின்று பார்த்தால் இதெல்லாம் தெரியாது. இரண்டு கையையும் தூக்கி, அப்புறம் தரையைத் தொடக் குனிந்து பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இரண்டாவது சட்டையில் முதுகு. தோள்பட்டைத் துண்டுக்குக் கீழே ஒரு அகல மடிப்பு வைத்து, அந்தத் தையலை முழுதும் மூடாமல் நடுவில் ஒரு சாண் திறந்து விட்டார். மேல் துணி இரண்டு விரல் அளவு கீழே தொங்கி அதை மறைக்கும். குனிந்து வேலை செய்யும்போது முதுகில் சேரும் சூட்டுக்கு அது ஒரு ஜன்னல். பக்கவாட்டில் இரண்டு பக்கமும் சைடு ஓப்பன், ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக. கை முழுக்கை, மணிக்கட்டில் பட்டன் இல்லாமல் அகலமாக.

முழுக்கை எதற்கு, அரைக்கையோ பனியனோ காற்றாட இருக்காதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். நிழலில் என்றால் சரிதான். வெயிலில் நிற்பவருக்கு வெறும் தோலில் சூரியன் நேராக இறங்குகிறது. தளர்ந்த துணி அந்தச் சூட்டைத் தான் வாங்கிக்கொண்டு, தோலுக்கு வராமல் காற்றுக்குக் கொடுத்துவிடும்.

முதல் சட்டை போட்டவரை வைத்து ஒரு சின்னச் சோதனை செய்தேன். ஆய்வு என்று சொல்லிக்கொள்ள முடியாது. ஒரே ஆள், அடுத்தடுத்த இரண்டு நாள், அதே வேலை. போடும் முன்பு சட்டையைத் தராசில் நிறுத்தேன், பத்தரை மணிக்குக் கழற்றி மறுபடி நிறுத்தேன். பழைய டி-ஷர்ட் பிழிந்தால் சொட்டும் நிலையில் இருந்தது. புதுச் சட்டையில் ஏறியிருந்த எடை அதில் பாதிகூட இல்லை. சட்டையில் தங்கிய தண்ணீர் என்பது வியர்த்தும் வீணாகப் போன தண்ணீர். தராசு இல்லாதவர்கள் உப்புக்கோட்டைப் பார்க்கலாம். காய்ந்த சட்டையில் வெள்ளைக் கோடு எந்த இடத்தைச் சுற்றி வளைந்து நிற்கிறதோ, அந்த இடத்தில் துணி உடம்போடு ஒட்டிக் கிடந்திருக்கிறது. அடுத்த சட்டையில் எங்கே தளர்த்த வேண்டும் என்பதற்கு அதுதான் படம்.

ஒரு இடத்தில் மட்டும் தளர்வுக்கு இடமே கிடையாது. மிக்ஸர் டிரம், கம்பி வளைக்கும் மெஷின், கன்வேயர் பெல்ட், டிரில், கிரைண்டர், சுற்றுகிற எதன் பக்கத்திலும். அகலக் கையும், தொங்கும் விளிம்பும், கழுத்தில் ஆடும் துண்டும் அங்கே எமன். அந்த ஆட்களுக்கு மணிக்கட்டில் இறுகிய கை, உள்ளே விட்ட அடி விளிம்பு, துண்டு கிடையாது. காற்று வர முதுகு ஜன்னலும் அக்குள் வலையும் மட்டும். அந்தக் குறையை ஓய்வு நேரத்தைக் கூட்டித்தான் ஈடுகட்ட முடியும். அதற்குச் சட்டையில் விடை தேடிப் பயனில்லை.

இனி நிறம். வெளிர் நிறம் போடு என்பதுதான் எல்லோரும் முதலில் சொல்லும் அறிவுரை. நான் அதை மூன்றாவதாக வைப்பேன். 1980ல் நேச்சர் இதழில் ஒரு சின்ன ஆய்வு வந்தது. பாலைவனத்தில் பெதூயின் மக்கள் ஏன் கறுப்பு அங்கி அணிகிறார்கள் என்ற கேள்விக்காக, கறுப்பு அங்கியோடும் வெள்ளை அங்கியோடும் ஆளை வெயிலில் நிறுத்தி அளந்தார்கள். கறுப்புத் துணி அதிகச் சூட்டை வாங்கியது உண்மை. ஆனால் தோல்வரை வந்து சேர்ந்த சூடு இரண்டிலும் ஒன்றுதான். கறுப்பு கூடுதலாக வாங்கிய சூடு, தோலைத் தொடும் முன்பே காற்றோடு போய்விட்டது. காரணம் அங்கியின் தொளதொளப்பு.

இதைப் படித்துவிட்டு நிறமே முக்கியமில்லை என்று முடிவுகட்டிய நண்பர் ஒருவர் இருக்கிறார். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. துணிக்கும் தோலுக்கும் நடுவே இடைவெளி இருந்தால் நிறம் பெரிதில்லை, துணி தோலில் ஒட்டும் இடத்தில் நிறம்தான் எல்லாம் என்று எடுத்துக்கொண்டேன். எவ்வளவு லூஸாகத் தைத்தாலும் சட்டை ஒரு இடத்தில் உடம்பின்மேல் உட்கார்ந்தே ஆகும், தோளில். உச்சி வெயில் நேராக விழும் இடமும் அதுவே. வெயிலில் நின்று வேலை செய்துவிட்டு வந்த கறுப்புச் சட்டைக்காரரின் தோளில் கை வைத்துப் பாருங்கள், சட்டென்று எடுத்துவிடுவீர்கள். அதனால் மூன்றாவது சட்டையில் தோள்பட்டைத் துண்டை மட்டும் வெளிர் நிறத்தில் இரட்டைத் துணியாக வைத்தோம். மற்ற இடத்தில் அழுக்கு தெரியாத மணல் நிறம். தூய வெள்ளை கொடுத்தால் ஒரே வாரத்தில் சாம்பலாகிவிடும். ஆட்களும் போட மாட்டார்கள். போடாத சட்டை எந்த நிறமாக இருந்தால் என்ன?

மெல்லிய வெள்ளையில் இன்னொரு ஏமாற்றும் இருக்கிறது. வெயில் படும்படி சட்டைக் கைக்குள் உங்கள் கையை விட்டுப் பாருங்கள். விரல்கள் தெளிவாகத் தெரிந்தால், சூரியன் துணியில் தடைபடாமல் உள்ளே வருகிறது என்று பொருள். பருத்தி நனைந்தால் இன்னும் கண்ணாடி போலாகும், புற ஊதாக் கதிரும் கூடுதலாக உள்ளே வரும். அப்புறம், சூரிய வெப்பத்தில் ஏறக்குறைய பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. நாம் பார்க்கும் நிறம் மற்றப் பாதியைப் பற்றி மட்டுமே சொல்கிறது. வெளிர் நிறமாக, ஆனால் நெருக்கமாக நெய்ததாக இருந்தால் போதும் என்பதோடு நான் நிறுத்திக்கொள்கிறேன்.

இவ்வளவையும் செய்த பிறகு, மேலே வலையில்லாத மஞ்சள் வெஸ்ட்டை மாட்டினால் எல்லாம் பாழ். ஐஎஸ்ஓ 7243 என்ற வெப்ப அளவீட்டுத் தரத்தில், இரண்டு அடுக்கு நெய்த துணி போட்டவருக்கு, வெயில், ஈரப்பதம் எல்லாம் சேர்த்துக் கணக்கிடும் வெப்பக் குறியீட்டில் 3 டிகிரி கூட்டிக்கொள்ளச் சொல்கிறார்கள். ஒரு அடுக்கு சாதாரண வேலைச் சட்டைக்குக் கூட்டல் எதுவும் இல்லை. வெஸ்ட் பாதி உடம்பைத்தான் மூடும் என்றாலும் மூடுவது முதுகையும் மார்பையும். ஒளிரும் பட்டையைச் சட்டையிலேயே தைத்துவிட்டு வெஸ்ட்டை நிறுத்தலாமா என்று கம்பெனிக்குக் கேட்டு எழுதினேன். பதில் வர ஐந்து மாதம் ஆனது. கோடை முடிந்திருந்தது.

துண்டுகளை நான் தூக்கி எறியவில்லை, அவற்றின் இடத்தை மாற்றினேன். வேலையின்போது கழுத்தில் கிடையாது. ஓய்வுக் கூடாரத்தில் ஒரு மூடிய டிரம்மில் குளிர்ந்த தண்ணீர், அதில் துண்டுகள். ஓய்வுக்கு வருகிறவர் சட்டை பட்டனைக் கழற்றி, துண்டை விரித்து மார்பிலும் தோளிலும் போட்டுக்கொண்டு ஃபேன் முன் உட்காருவார். சூடேறியதும் டிரம்மில் முக்கி மாற்றிக்கொள்வார். இங்கே துண்டு ஆவியாவதை மட்டும் நம்பி இல்லை. தண்ணீரின் குளுமையே நேராக உடம்புக்குப் போகிறது. ஈரக்காற்று நாளிலும் இது பலிக்கும். காய்ந்த காற்று நாளில் இன்னும் எளிய வழி, சட்டையையே நனைத்துக்கொண்டு வேலைக்குப் போவது. கழுத்தளவு துணிக்குப் பதில் முதுகும் மார்பும் முழுக்க ஆவியாகும்.

வேலையில் துண்டை நிறுத்தியதற்குச் சொல்லவேண்டிய இன்னொரு காரணம் சிமெண்ட். மூட்டை பிரித்துக் கொட்டும் ஒரு ஆளுக்குக் கழுத்தைச் சுற்றிச் சிவப்பாக இருந்தது. வேர்க்குரு என்று பவுடர் போட்டுக்கொண்டிருந்தார். நான்காம் நாள் பார்த்தால், துண்டு படும் அகலத்துக்கு மட்டும், கோடு போட்ட மாதிரி தோல் உரிந்திருந்தது. வேர்க்குரு அப்படிக் கோடு கட்டி வராது. ஈரத்துண்டில் சிமெண்ட் தூசி படிந்து, மணிக்கணக்காகக் கழுத்தில் கிடந்திருக்கிறது. நனைந்த சிமெண்ட்டின் காரத்தன்மை பிஎச் 12, 13 வரை போகும். உடனே எரியாது. மெல்லத் தின்னும். பூச்சிமருந்து தெளிப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும், ஈரத்துணி எது கிடைத்தாலும் பிடித்து வைத்துக்கொள்ளும். மின்சார வெல்டிங் செய்பவருக்கு ஈரத்துணியே கூடாது, ஷாக் அடிக்க அதைவிடச் சுலபமான வழி இல்லை. ஹெல்மெட்டுக்குள் மடித்துச் சொருகுவதையும் நிறுத்தினோம். ஓட்டுக்கும் உள்பட்டைக்கும் நடுவே இருக்கும் வெற்றிடம்தான் அடியை வாங்கிக்கொள்கிறது, அங்கே துணியை அடைத்தால் ஹெல்மெட் இருந்தும் பயனில்லை.

பராமரிப்பு சின்ன வேலைதான். தினமும் சாயங்காலம் சோப்பில் அலசி விரித்துக் காயப்போட வேண்டும். ஈரமாகக் குழாய்க்குள் போட்டு வைத்தால் பூஞ்சை பிடிக்கும், கறுப்புப் புள்ளியும் வாடையும் வந்தால் எறிந்துவிட வேண்டியதுதான். துணியை மென்மையாக்கும் திரவம் ஊற்றவே கூடாது. நார்மேல் படலமாகப் படிந்து தண்ணீர் பிடிக்காமல் செய்துவிடும். ஒரு ஆளுக்கு ஒரு துண்டு, பெயர் எழுதி.

அந்தப் பையன் இப்போதும் எங்களோடு இருக்கிறான். சட்டை விஷயத்தில் அவன்தான் இப்போது மாஸ்டருக்குப் பெரிய தொல்லை. போன மாதம் மார்புப் பையை எடுத்துவிடச் சொன்னான். பையில் போனை வைத்தால் அதன் எடையில் சட்டை முன்பக்கம் இழுபட்டு மார்பில் ஒட்டுகிறதாம், உப்புக்கோடு சரியாகப் பை அளவுக்குச் சதுரமாக விழுகிறதாம். சட்டையைக் கொண்டுவந்து காட்டினான். சதுரம்தான். மாஸ்டர் பையைப் பிரித்து, தொடைப்பக்கம் பேண்ட்டில் வைத்துத் தைத்துக் கொடுத்தார்.